பல் டாக்டர் அவசரமாக எழுதிய சீட்டைக் கட்டம் கட்டமாக, செலவோடு எழுதிக் கொடுப்பது எப்படி?

பல் கிளினிக்கில் முன்மேசை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். டாக்டர் பரிசோதனையை முடித்துவிட்டு கேஸ் ஷீட்டில் ஐந்தாறு வரி எழுதி, "எஸ்டிமேட் போட்டுக் கொடுங்க" என்று உங்களிடம் அனுப்புவார். ஒவ்வொரு வரிக்கும் ரேட் கார்டைப் பார்த்துத் தொகை எழுதி, கூட்டிக் கீழே ஒரு பெரிய எண்ணைப் போட்டுக் கொடுப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. அதைப் பார்த்த நோயாளி "வீட்டுல கலந்துக்கிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். மாத்திரையில் வலியைத் தள்ளிப்போட்டு, பல்லைக் காப்பாற்ற முடியாத நிலையில் திரும்பி வருபவர்களை நிறையப் பார்க்கிறோம்.

அவர்களில் பலருக்குப் பணம் மட்டும் தடையாக இருப்பதில்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எது காத்திருக்கும், பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அந்தத் தாளில் இல்லை. நீங்கள் எழுதும் திட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் வாய் பாதுகாப்பாக இருக்கிற ஓர் இடத்தில் முடிய வேண்டும். அங்கே நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வந்தாலும் அதுவரை செலவழித்தது வீணாகக் கூடாது. கட்டம் பிரிப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

ஒரே ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 52 வயதுப் பெண்மணி, சுகர் உண்டு, வலது பக்கம் கீழே ராத்திரியில் தூங்க விடாத வலி. டாக்டர் ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதியதை, வாயால் படிக்கிறபடி தருகிறேன்.

46 – டீப் கேரீஸ், டிஓபி பாசிட்டிவ், ஆர்சிடி, கிரவுன்
36 – மிஸ்ஸிங், எஃப்பிடி அல்லது இம்ப்ளான்ட்
26 – கிளாஸ் 2, காம்போசிட்
18 – ஆர்எஸ், எக்ஸ்ட்ராக்ஷன்
ஸ்கேலிங், எஸ்ஆர்பி 3-ஆம் குவாட்ரன்ட், 37-இல் பாக்கெட் 5 மி.மீ.
சுகர், ஹெச்பிஏ1சி?

முதலில் பல்லைச் சரியாக அடையாளம் காணுங்கள்

46 என்பதை நாற்பத்தாறு என்று படிக்காதீர்கள். நாலு, ஆறு என்று பிரித்துப் படியுங்கள். முதல் எண் வாயின் எந்தக் கால் பகுதி என்று சொல்கிறது: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாவது எண் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக 46 என்றால் கீழ் வலது பக்கத்தில் ஆறாவது, அதாவது முதல் கடைவாய்ப் பல். 18 மேல் வலது ஞானப்பல். இதில் வலது, இடது எல்லாம் நோயாளியின் வலது, இடது. பல் வரைபடத்திலும், வாய் முழுதும் ஒரே படமாக வரும் ஓபிஜி எக்ஸ்ரேயிலும் நோயாளியின் வலது பக்கம் தாளின் இடது பக்கமாகத் தெரியும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

சில டாக்டர்கள், குறிப்பாக மூத்தவர்கள், கூட்டல் குறி மாதிரி ஒரு கட்டம் போட்டு அதன் ஒரு மூலையில் 6 என்று மட்டும் எழுதுவார்கள். அந்த மூலைதான் பக்கத்தைச் சொல்லும். கோடு தேய்ந்து வெறும் 6 மட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் ஊகிக்கவே கூடாது. வாயில் ஆறாம் பல் நாலு இருக்கிறது. நீங்கள் எழுதும் தாளைப் பார்த்துத்தான் அடுத்த சிட்டிங்கில் தட்டு எடுத்து வைப்பார்கள், நோயாளியும் அதைத்தான் வீட்டில் காட்டுவார். உள்ளே போய் டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடுவது அரை நிமிட வேலை.

மற்ற சுருக்கங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். டிஓபி பாசிட்டிவ் என்றால் பல்லைத் தட்டினால் வலிக்கிறது. தொந்தரவு வேர் நுனியைச் சுற்றிப் போயிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். டீப் கேரீஸ் ஆழமான சொத்தை. ஆர்சிடி ரூட் கெனால். கிரவுன் என்பது நாம் சொல்லும் கேப். எஃப்பிடி என்பது பிரிட்ஜ். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர். ஆர்எஸ் என்றால் பல் உடைந்து வேர்த்துண்டு மட்டும் நிற்கிறது. கிளாஸ் 2 என்றால் கடைவாய் பக்கத்துப் பல்லில், இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள பக்கத்தில் சொத்தை இருக்கிறது. காம்போசிட் அதை அடைக்கும் பொருள். ஸ்கேலிங் வழக்கமான கிளீனிங். எஸ்ஆர்பி அதைவிட ஆழமாக, ஈறுக்கு அடியில் வேரின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வது; பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள். பாக்கெட் என்பது ஈறு பல்லைவிட்டு விலகிய இடைவெளியின் ஆழம். 3 மி.மீ. வரை சாதாரணம்; 5 என்பது கவனிக்க வேண்டியது.

சீட்டில் எழுதாமல் விட்டது எது?

டாக்டர் தனக்காகக் குறித்துக்கொள்வதால், அவருக்குத் தெரிந்ததை எழுத மாட்டார். ஆனால் பில்லில் அது வரும். இந்தச் சீட்டில் அப்படி நாலு விஷயம் மறைந்திருக்கிறது.

ஒன்று, 46-க்கு ரூட் கெனாலும் கேப்பும் எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு வேலை இருக்கிறது. வேரை அடைத்த பிறகு, சொத்தையில் போன பல்லின் உடம்பைக் கட்டி எழுப்பி, அதன்மேல்தான் கேப் வைப்பார்கள். இதற்குப் பெயர் பில்டப். உங்கள் ரேட் கார்டில் அது ரூட் கெனாலோடு சேர்ந்ததா, தனியா என்று பாருங்கள். தனியாக இருந்து நீங்கள் எழுதாமல் விட்டால், மூன்றாவது சிட்டிங்கில் "இதை முதல்ல சொல்லலையே" என்ற பேச்சு வரும். தொகை சிறியதாக இருந்தாலும் நம்பிக்கை போய்விடும்.

இரண்டு, 36 ஒரு பல்தான் இல்லை. ஆனால் பிரிட்ஜ் என்றால் இரு பக்கமும் உள்ள 35, 37 இரண்டையும் செதுக்கி அவற்றின்மேல் கேப் மாட்டி, நடுவில் பல்லைத் தொங்கவிடுவார்கள். கட்டணம் மூன்று பல்லுக்கு. ஒரு பல் கட்டுவதற்கு ஏன் மூன்று பல்லின் விலை என்று நோயாளி கேட்பது நியாயமான கேள்வி. அவர் கேட்கும்முன் தாளில் பதில் இருக்க வேண்டும். நல்ல பல்லைச் செதுக்க வேண்டியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

மூன்று, சுகர். ஹெச்பிஏ1சி பரிசோதனை வெளி லேபில் எடுக்க வேண்டியது. நம் பில்லில் வராது, ஆனால் நோயாளியின் பையிலிருந்து போகும். முடிவு வந்த பிறகே பல் எடுக்கும் தேதியை டாக்டர் உறுதி செய்வார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் இங்கேயே கேட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நிறுத்துங்கள், தொடருங்கள் என்று நீங்களாக எதுவும் சொல்லாதீர்கள்.

நான்காவதுதான் இந்தச் சீட்டின் முடிச்சு. பாக்கெட் இருக்கும் 37-தான் பிரிட்ஜைத் தாங்கப்போகிற பல். எஸ்ஆர்பி செய்து நாலிலிருந்து ஆறு வாரம் ஈறு ஆறிய பிறகு, அந்த ஆழத்தை மறுபடி அளந்து பார்க்காமல் 37-இன்மேல் பிரிட்ஜ் கட்டலாமா என்று டாக்டராலேயே சொல்ல முடியாது. ஆகவே பிரிட்ஜா இம்ப்ளான்ட்டா என்பது இன்றைக்கு நோயாளியிடம் கேட்கும் கேள்வியே அல்ல. அதற்கு ஒரு தேதி இருக்கிறது. இதைக் கவனிக்காமல் இன்றைக்கே இரண்டு தொகையையும் போட்டு "எது வேணும்னு சொல்லுங்க" என்று கேட்டால், நோயாளி மலைத்துப்போய் வலிக்கிற பல்லின் முடிவையும் சேர்த்துத் தள்ளிப்போடுவார்.

டாக்டரிடம் ஒரே தடவையில் கேளுங்கள்

சந்தேகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நோயாளிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் போய்க் கேளுங்கள். இந்தச் சீட்டுக்கு நான் கேட்பது இப்படி இருக்கும்:

"டாக்டர், 46-க்கு இன்னைக்கே ஆரம்பிக்கிறோமா? எத்தனை சிட்டிங்?"

"இன்னைக்கே திறந்துடலாம். ரெண்டு, இல்லன்னா மூணு."

"18 வேர்த்துண்டுல வீக்கம் ஏதாவது இருக்கா? இல்லன்னா ரெண்டாவது கட்டத்துல போடறேன்."

"இப்போ தொந்தரவு இல்ல. சுகர் ரிப்போர்ட் வரட்டும்."

"26 ஃபில்லிங்கோட நின்னுடுமா, ரூட் கெனாலா மாற வாய்ப்பு இருக்கா?"

"எக்ஸ்ரேல ஆழமாத்தான் தெரியுது. திறந்தாத்தான் சொல்ல முடியும்."

"36-க்கு முடிவு, ஈறு ஆறி மறுபடி பார்த்த பிறகுன்னு எழுதலாமா?"

"ஆமா, அப்படியே எழுதிடுங்க."

மூன்றாவது கேள்வி முக்கியம். எந்தப் பல்லில் திட்டம் மாறக்கூடும் என்று டாக்டருக்கு முன்பே ஓர் ஊகம் இருக்கும், கேட்டால்தான் சொல்வார். சிகிச்சை எது, எந்த வரிசை என்பதை முடிவு செய்பவர் அவர்தான். செலவைக் குறைப்பதாக நினைத்து எதையும் நீங்களாக நீக்கவோ, இடம் மாற்றவோ கூடாது. தாள் தயாரானதும் அவர் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே நோயாளி கைக்குப் போக வேண்டும்.

கட்டம் பிரிப்பது

முதல் கட்டம் வலியும் தொற்றும். இங்கே 46-இன் ரூட் கெனாலும் பில்டப்பும்.

இரண்டாம் கட்டம் நோயை நிறுத்துவது. கிளீனிங், கீழ் இடதுபுறம் ஆழ்சுத்தம், 26 அடைப்பு, 18 வேர்த்துண்டு எடுப்பது. 46-இன் கேப்பும் இந்தக் கட்டத்தில்தான் வர வேண்டும். கேப் விலை அதிகம் என்பதால் அதை "பிறகு பார்க்கலாம்" பகுதியில் தள்ளிவிடுவதைப் பல தாள்களில் பார்க்கிறேன். அது தவறான இடம். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லில் சொந்தப் பகுதி குறைவு, மெல்லும்போது பிளந்துவிடலாம். பிளவு ஈறுக்குக் கீழே போனால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போகலாம், ரூட் கெனாலுக்குக் கொடுத்த பணமும் போச்சு. ஆகவே 46-க்கு ரூட் கெனால், பில்டப், கேப் மூன்றும் சேர்ந்துதான் ஒரு வேலை. கேப்புக்கு முன் கிளீனிங் முடிந்திருக்க வேண்டும். வீங்கி ரத்தம் கசியும் ஈறோடு அளவெடுத்தால் கேப்பின் விளிம்பு சரியாக உட்காராது.

அதன் பிறகு ஒரு நிறுத்தம். எஸ்ஆர்பி முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை. 37-இன் பாக்கெட்டை மறுபடி அளப்பார்கள். இதையும் ஒரு கட்டமாகவே, தேதியோடு எழுதுங்கள். தேதி இல்லாவிட்டால் யாரும் வருவதில்லை.

மூன்றாம் கட்டம் இல்லாத பல்லைக் கட்டுவது. நான்காம் கட்டம் பராமரிப்பு. ஈறு நோயும் சுகரும் உள்ளவர்களை முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது வழக்கம். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு ஆறுவது தாமதமாகும் என்பதால், இந்த வரியை அலங்காரத்துக்குப் போடுவதாக நினைக்காதீர்கள்.

தொகை போடுவது

கீழே வருபவை கணக்கைக் காட்டுவதற்கான எண்கள். ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். உங்கள் ரேட் கார்டைப் போட்டுக்கொள்ளுங்கள். போடும்முன் ஒவ்வொரு தொகையும் எந்த அலகுக்கு என்று பாருங்கள். கிளீனிங் வாய் முழுதுக்கும், எஸ்ஆர்பி ஒரு கால் பகுதிக்கு, பிரிட்ஜ் ஒரு பல்லுக்கு என்று இருக்கும். ரூட் கெனாலுக்கு நடுவில் எடுக்கும் எக்ஸ்ரேக்கள் சேர்ந்தவையா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

முதல் கட்டத்தில் ரூட் கெனால் 5,000, பில்டப் 1,200. ஆக 6,200 ரூபாய். இரண்டாம் கட்டத்தில் கிளீனிங் 1,500, ஆழ்சுத்தம் 2,000, அடைப்பு 1,800, வேர்த்துண்டு எடுக்க 1,200, உலோகத்தின்மேல் செராமிக் வைத்த கேப் 4,500, ஆக 11,000. ஜிர்கோனியா கேப் 9,000 என்றால் இரண்டாம் கட்டம் 15,500 ஆகும். மறுபரிசோதனை 300. இதுவரை சேர்த்தால், சாதாரண கேப்போடு 17,500.

மூன்றாம் கட்டத்துக்கு இன்று ஒரு வரம்பு மட்டும் போதும். அதே வகை கேப்பில் மூன்று பல் பிரிட்ஜ் 13,500. இம்ப்ளான்ட் அதன்மேல் வைக்கும் பல்லோடு 35,000, எலும்பின் அளவு பார்க்கும் முப்பரிமாண ஸ்கேன் 2,500, ஆக 37,500. கழற்றி மாட்டும் பல்லும் இருக்கிறது. டாக்டர் சரி என்றால் அதையும் ஒரு வரியில் சேருங்கள், செலவு குறைவானது என்பதற்காக மறைக்காதீர்கள். காலத்தையும் எழுதுங்கள். பிரிட்ஜ் சுமார் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட் வைத்தால் எலும்போடு பிடிக்க வழக்கமாகச் சுமார் மூன்று மாதம். அதன் பிறகே பல் வைப்பார்கள்.

இனி மாறக்கூடிய தொகை. 26-இல் சொத்தை நரம்பைத் தொட்டிருந்தால், 1,800 ரூபாய் அடைப்புக்குப் பதில் ரூட் கெனால், பில்டப், கேப் மூன்றும் தேவைப்படலாம்: 5,000, 1,200, 4,500 சேர்த்து 10,700. வித்தியாசம் 8,900 ரூபாய். இதை இன்றே எண்ணாகவே எழுதிவிடுங்கள். "மாறலாம்" என்று பொதுவாக எழுதினால் நோயாளி மனத்தில் நூறோ இருநூறோதான் ஓடும். அதேபோல் 46-ஐத் திறக்கும்போது பல் ஏற்கெனவே பிளந்திருப்பது தெரிந்தால் ரூட் கெனால் நின்றுவிடும். அப்போது பேசிவிட்டுத்தான் மேற்கொண்டு போவோம் என்று ஒரு வாக்கியம் போதும்.

நோயாளி கையில் கொடுக்கும் தாள்

ஒரே பக்கம். பல் எண்ணை அடைப்புக்குள் மட்டும் வையுங்கள், நம் பதிவுக்காக. மேலே பல் வரைபடம் ஒன்றை அச்சிட்டு, சம்பந்தப்பட்ட பற்களைப் பேனாவால் வட்டமிடுங்கள்.

கட்டம் 1 – வலியை நிறுத்த (இன்று முதல் 2 வாரம், 2 அல்லது 3 முறை வர வேண்டும்)
கீழ் வலது கடைவாய்ப் பல் (46): ரூட் கெனால், பல்லைக் கட்டி எழுப்புதல். ரூ. 6,200
இங்கே நிறுத்தினால்: வலி இருக்காது, ஆனால் பல் உடைய வாய்ப்பு உண்டு. ஒரு மாதத்துக்குள் கேப் போடுங்கள்.
வெளியில் எடுக்க வேண்டியது: ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை.

கட்டம் 2 – நோயை நிறுத்த (அடுத்த 3 வாரம், சுமார் 4 முறை)
கிளீனிங், கீழ் இடது ஈறு ஆழ்சுத்தம், மேல் இடது கடைவாய்ப் பல் (26) அடைப்பு, மேல் வலது ஞானப்பல் (18) வேர்த்துண்டு எடுத்தல், 46-க்கு கேப். ரூ. 11,000 (ஜிர்கோனியா கேப் என்றால் ரூ. 15,500)
மாறக்கூடியது: 26-க்கு ரூட் கெனால் தேவைப்பட்டால் கூடுதலாக ரூ. 8,900
இங்கே நிறுத்தினால்: பாதுகாப்பான இடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங்குக்கு மட்டும் வர வேண்டும்.

மறுபரிசோதனை – ஆழ்சுத்தம் முடிந்து 6 வாரம். தேதி: ______ ரூ. 300

கட்டம் 3 – கீழ் இடதில் இல்லாத பல் (36). மறுபரிசோதனைக்குப் பிறகு முடிவு.
பிரிட்ஜ் ரூ. 13,500 அல்லது இம்ப்ளான்ட் ரூ. 37,500

கட்டம் 4 – பராமரிப்பு. முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும்.

"இங்கே நிறுத்தினால்" என்ற வரியைத்தான் நோயாளிகள் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். முதல் கட்டத்தின் முடிவு முழுப் பாதுகாப்பான இடம் இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஒரு பல்லின் வேலை முழுதும் ஒரே கட்டத்தில் முடியாததால் அப்படி ஓர் இடம் தவிர்க்க முடியாமல் வரும். அதற்குக் காலக்கெடு போட்டுவிட வேண்டும்.

தாளைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். கண்ணாடியைக் கையில் கொடுத்து அவர் விரலாலேயே பல்லைக் காட்டச் சொல்லுங்கள். வலது, இடது தவறு இருந்தால் இங்கே தெரிந்துவிடும். பிறகு அவர் வாயால் சொல்ல வைக்கலாம்: "அம்மா, வீட்ல கேட்டா இன்னைக்கு என்ன செய்றோம்னு சொல்வீங்க?" பெரும்பாலும் ஒரு கேள்வி திரும்பி வரும்: "ஏம்மா, வலி போயிட்டா அப்புறம் கேப் எதுக்கு?" அதற்கு நீளமாகப் போக வேண்டாம். "வேரைத்தாம்மா சரி பண்ணியிருக்கோம். மேல இருக்கிற பல்லு பாதிதான் மிச்சம், கடிக்கும்போது பிளந்துடலாம். பிளந்துட்டா எடுக்க வேண்டியதா போயிடும்." இவ்வளவு போதும்.

பணம் எப்போது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ரூட் கெனால் தொகையில் பாதி முதல் நாள், மீதி வேரை அடைக்கும் நாள். கேப்புக்கு அளவெடுக்கும் நாளில் முன்பணம், ஏனென்றால் லேபுக்கு அனுப்பிய பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. உங்கள் கிளினிக் வழக்கம் வேறாக இருந்தால் அதை எழுதுங்கள். இன்றைக்கு எவ்வளவு கொண்டுவர வேண்டும் என்ற எண் தாளின் அடியில் தனியாக இருக்கட்டும். முழுத்தொகையை யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: பிரிட்ஜோடு 31,000, இம்ப்ளான்ட்டோடு 55,000, இரண்டும் சாதாரண கேப் கணக்கில்.

தாளில் தேதியும், இந்தத் தொகை எதுவரை செல்லும் என்பதும் இருக்க வேண்டும். மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். திட்டம் மாறினால் பழைய தாளில் அடித்துத் திருத்தாதீர்கள். புதுத் தாள் எழுதி, மேலே "திருத்தியது" என்று தேதியோடு குறித்து, பழையதைக் கேஸ் ஷீட்டோடு பின் செய்துவிடுங்கள். நோயாளியிடம் ஒரு பிரதி, நம்மிடம் அவர் கையெழுத்தோடு ஒரு பிரதி. மறுபரிசோதனைத் தேதியை அன்றே அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தில் ஏற்றிவிட்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் அழைக்க உங்கள் பெயரையே பக்கத்தில் எழுதி வையுங்கள்.